மீஞ்சூரில் எடுத்த ஸ்கேன் படம்

அந்தப் படம் உள்ளங்கை அகலம்தான் இருக்கும். பளபளப்பான தெர்மல் காகிதம், கறுப்புப் பின்னணியில் சாம்பல் நிற விசிறி வடிவம், நடுவே சின்னச் சின்னக் கறுப்பு வட்டங்கள். மீஞ்சூர் பஜார் பக்கம் ஒரு ஸ்கேன் சென்டரில், கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று சொல்லப்படாது என்ற கட்டாயப் பலகைக்குக் கீழே, ஜூன் 20-ம் தேதி அது பிரிண்டரிலிருந்து வெளியே வந்தது. அந்தப் படத்துக்கு உரியவள் 19 வயது கல்லூரி மாணவி. இவளும், பின்னால் வரப்போகும் இவளுடைய அக்காவும், மருத்துவர்கள் அன்றாடம் சந்திக்கும் பலரை ஒன்றாகச் சேர்த்து இந்தக் கட்டுரைக்காக உருவாக்கிய ஆட்கள். படம் போகும் வழி மட்டும் நிஜம். அதே வழியில் தினமும் எத்தனையோ படங்கள் போகின்றன.

அவள் ஸ்கேன் எடுக்கப் போனது வயிற்றுவலிக்காக. சிறுநீரகக் கல்லாக இருக்குமோ என்று பக்கத்து டாக்டர் சந்தேகப்பட்டார். கல் இல்லை. வலியும் இரண்டு நாளில் தானாகப் போய்விட்டது. ஆனால் வயிறு முழுக்கப் பார்த்த ஸ்கேன், சினைப்பைகளையும் பார்த்துவிட்டது. ரிப்போர்ட்டின் கடைசி வரியில், இரண்டு பக்கச் சினைப்பைகளும் 'பாலிசிஸ்டிக்' தோற்றத்தில் இருப்பதாகத் தட்டச்சு செய்திருந்தது.

அந்தப் படம் எப்படிப் பிறந்தது என்று முதலில் பார்க்க வேண்டும். திருமணமாகாத பெண் என்பதால் வயிற்றின் மேல் வைத்துப் பார்க்கும் கருவியைத்தான் பயன்படுத்தினார்கள். அதற்காக ஒரு லிட்டர் தண்ணீரைக் குடித்துவிட்டு, மூத்திரப்பை முட்டும்வரை அவள் பெஞ்சில் காத்திருந்தாள். நிரம்பிய மூத்திரப்பை குடலை ஒதுக்கிவிட்டு, ஒலியலை உள்ளே போவதற்கு வழிவிடும். அப்படியும் தோல், கொழுப்பு, தசை எல்லாவற்றையும் கடந்துதான் அலை சினைப்பையைத் தொட வேண்டும். அவ்வளவு ஆழம் போக, அலையின் அதிர்வெண் குறைவாக இருக்க வேண்டும். அதிர்வெண் குறைந்தால் நுணுக்கமும் குறையும். நான்கைந்து மில்லிமீட்டர் வட்டங்களை அந்தப் படத்தில் ஒன்று விடாமல் எண்ணுவது நடக்கிற காரியம் இல்லை. அதனால் இந்த வகை ஸ்கேனில் எண்ணிக்கையை நம்பாமல் சினைப்பையின் கொள்ளளவைக் கணக்கிடுவதுதான் முறை. நீளம், அகலம், உயரம் மூன்றையும் பெருக்கி, வருவதை 0.52-ஆல் பெருக்கினால் மில்லிலிட்டரில் கிடைக்கும். படத்தின் அடியில் வலது சினைப்பைக்கு RT OV 4.2 × 2.5 × 2.4 cm என்று இருந்தது. கணக்குப் போட்டால் சுமார் 13 மில்லி. இடதுக்கு 8.7 மில்லி. பெரியவர்களுக்கு 10 மில்லியோ அதற்கு மேலோ இருந்தால்தான் 'பாலிசிஸ்டிக்' கணக்கில் சேர்ப்பார்கள்.

படம் வெள்ளை கவரில் ஏறி வீட்டுக்கு வந்தது. அன்று சாயங்காலமே மெடிக்கல் ஷாப்புக்குப் போய்த் திரும்பியது. இரண்டு நாளில் சொந்தக்காரர்கள் பலருடைய வாட்ஸ்அப்புக்குப் போனது. "கர்ப்பப்பையில கட்டியாம்" என்று ஒருவர் சொல்ல, "கல்யாணம் ஆகி ரெண்டு வருஷத்துல சரியாயிடும்" என்று இன்னொருவர் சொன்னார். யாரும் அந்தப் பெண்ணிடம் அவளுக்கு மாதவிடாய் எப்போது வந்தது என்று கேட்கவில்லை.

அந்தக் கறுப்பு வட்டங்கள் கர்ப்பப்பையில் இல்லை, சினைப்பையில் இருக்கின்றன. அவை வெட்டி எடுக்க வேண்டிய கட்டிகளும் அல்ல. ஒவ்வொரு வட்டமும் ஒரு முட்டையைச் சுற்றியிருக்கும் நீர்ப்பை. 2 முதல் 9 மில்லிமீட்டர் வரை இருக்கும். எல்லாப் பெண்களின் சினைப்பையிலும் இப்படிச் சில எப்போதும் காத்திருக்கும். மாதாமாதம் அவற்றில் ஒன்று மட்டும் மற்றவற்றை முந்திக்கொண்டு 20 மில்லிமீட்டர் அளவுக்கு வளர்ந்து வெடித்து, முட்டையை வெளியே விடும். பாலிசிஸ்டிக் ஓவரி சிண்ட்ரோம் என்கிற பி.சி.ஓ.எஸ். உள்ளவர்களுக்கு ஆண் ஹார்மோனும் இன்சுலினும் கூடுதலாகச் சுரந்து, இந்த வளர்ச்சி பாதியில் நின்றுபோகிறது. முந்தி வளர ஒன்றும் இல்லாமல் சின்னப் பைகள் ஓரத்தில் வரிசையாகத் தேங்கி நிற்கின்றன. படத்தில் தெரிவது அந்தத் தேக்கம். ஆனால் பதினெட்டு, இருபது வயதில் ஆரோக்கியமான சினைப்பையிலும் நீர்ப்பைகள் நிறையவே இருக்கும். அந்த வயதில் சினைப்பையின் அளவும் பெரிதாக இருக்கும். இளமைக்கும் நோய்க்கும் படத்தில் வேறுபாடு தெரியாது.

படத்தின் மேல் மருத்துவத்துக்கு இவ்வளவு நம்பிக்கை வந்ததற்கு ஒரு வரலாறு உண்டு. 1935-ல் சிகாகோவில் இர்விங் ஸ்டீன், மைக்கேல் லெவன்தால் என்ற இரண்டு மருத்துவர்கள் ஏழு பெண்களைப் பற்றி எழுதினார்கள். மாதவிடாய் தடைபட்ட பெண்கள் அவர்கள். வயிற்றைத் திறந்து பார்த்தபோது சினைப்பைகள் பெருத்து, தடித்த உறையோடு இருந்தன. அதிலிருந்து ஒரு துண்டை ஆப்பு வடிவத்தில் வெட்டியெடுத்ததும் ஏழு பேருக்கும் மாதவிடாய் திரும்பியது. இருவர் கருத்தரித்தார்கள். அதனால் இந்த நோய் சினைப்பையின் தோற்றத்தில் இருப்பதாகவே உலகம் நெடுநாள் நினைத்தது. 1980-களில் ஒலியலை ஸ்கேன் பரவியபோது, வயிற்றைக் கிழிக்காமலே அந்தத் தோற்றத்தைப் பார்க்க முடிந்தது. ஓரத்தில் வரிசையாக நிற்கும் நீர்ப்பைகளுக்கு முத்துமாலை என்று பெயர் வைத்தார்கள்.

ஆனால் 1988-ல் லண்டன் மருத்துவர்கள் ஒரு சங்கடமான சேதியைச் சொன்னார்கள். தங்களுக்கு ஒரு குறையும் இல்லை என்று நினைத்து, தாங்களாகவே முன்வந்த 250-க்கு மேற்பட்ட பெண்களுக்கு ஸ்கேன் எடுத்திருக்கிறார்கள். ஐந்தில் ஒருவருக்கு மேல் முத்துமாலை தெரிந்தது. விசாரித்தபோது அவர்களில் பலருக்கு மாதவிடாய் சற்றுத் தள்ளிப்போவது தெரியவந்தது. மற்றவர்களுக்கு மாதவிடாய் ஒழுங்காகவே வந்துகொண்டிருந்தது. இதன் பிறகு 1990-ல் அமெரிக்கத் தேசிய சுகாதாரக் கழகம் கூட்டிய மாநாடு, ஸ்கேனை விதியிலேயே சேர்க்கவில்லை. மாதவிடாய் ஒழுங்கின்மையும் ஆண் ஹார்மோன் மிகுதியும் இரண்டும் இருந்தால்தான் பி.சி.ஓ.எஸ். என்றது.

2003 மே மாதம் நெதர்லாந்தின் ரோட்டர்டாம் நகரில் ஐரோப்பிய, அமெரிக்க வல்லுநர்கள் கூடி, இன்றைக்கு உலகம் முழுக்கப் பயன்படும் விதியை வகுத்தார்கள். மூன்று அடையாளங்களில் ஏதாவது இரண்டு இருக்க வேண்டும். முதலாவது, முட்டை சரியாக வெளிப்படாமல் மாதவிடாய் தவறுவது. இரண்டாவது, ஆண் ஹார்மோன் மிகுதி. அது உடலில் தெரியலாம், ரத்தப் பரிசோதனையில் தெரியலாம். மூன்றாவது, ஸ்கேனில் தெரியும் சினைப்பைத் தோற்றம். இவற்றோடு, இதே அறிகுறிகளைக் காட்டும் வேறு நோய்கள் இல்லை என்றும் உறுதி செய்ய வேண்டும். படத்துக்கு மறுபடியும் இடம் கிடைத்தது, ஆனால் மூன்றில் ஒரு பங்குதான். தனியாக வந்தால் அதற்கு மதிப்பில்லை.

மீஞ்சூர்ப் படம் அடுத்த வாரம் கும்மிடிப்பூண்டி - கடற்கரை மின்சார ரயிலில் ஏறியது. அத்திப்பட்டு, எண்ணூர், திருவொற்றியூர், கொருக்குப்பேட்டை என்று கடந்து ராயபுரத்தில் இறங்கி, ஒரு மகப்பேறு மருத்துவரிடம் போனது. கூட அம்மாவும், அத்திப்பட்டில் ஏறிய பெரியம்மா மகளும். அக்காவுக்கு 27 வயது. துணைக்குத்தான் வந்தாள்.

"இன்னா மேடம், ரெண்டு பக்கமும் கட்டின்னு எழுதிக்கீது. ஆபரேஷன் பண்ணணுமா?" என்று அம்மா கவரை நீட்டினார்.

மகப்பேறு மருத்துவர் கவரை வாங்கி மேசையில் வைத்தார். பிரிக்கவில்லை. "அது இருக்கட்டும்மா" என்றவர் பெண்ணிடம் திரும்பினார். "நீ சொல்லும்மா, எப்ப வயசுக்கு வந்தே? கடைசி ஆறு தேதி சொல்லு பார்ப்போம்."

அவள் பதிமூன்றில் வயசுக்கு வந்தவள். வீட்டு நாள்காட்டியில் புள்ளி வைத்திருந்ததை செல்போனில் படம் பிடித்து வந்திருந்தாள். ஜனவரி 4, பிப்ரவரி 4, மார்ச் 7, ஏப்ரல் 5, மே 9, ஜூன் 8. மருத்துவர் சீட்டின் ஓரத்தில் இடைவெளிகளை எழுதினார்: 31, 31, 29, 34, 30. வயதுக்கு வந்து மூன்று வருடம் ஆன பிறகு 21 நாளுக்குக் குறைவாகவோ 35 நாளுக்கு மேலாகவோ இருந்தால்தான் ஒழுங்கின்மை. வருடத்தில் எட்டு முறைக்குக் குறைவாக வந்தாலும் அப்படித்தான். அதற்கு முந்தைய வருடங்களில் விதி தளர்வானது. முதல் வருடத்தில் எப்படித் தள்ளிப்போனாலும் அது இயல்பு. அடுத்த இரண்டு வருடத்தில் 45 நாள்வரை பொறுக்கலாம். இந்தப் பெண்ணின் கணக்கில் ஒரு மாதம்கூட எல்லையைத் தாண்டவில்லை. முதல் அடையாளம் இல்லை.

அடுத்து முடி. மேலுதடு, தாடை, மார்பு, மேல்வயிறு, அடிவயிறு, மேல்முதுகு, கீழ்முதுகு, மேற்கை, தொடை என்று ஒன்பது இடங்களுக்குத் தலா 0 முதல் 4 வரை மதிப்பெண் போடுவார்கள். பூனைமுடி கணக்கில் வராது. கறுத்துத் தடித்த முடிதான் கணக்கு. மொத்தம் 4 முதல் 6-ஐ எட்டினால் ஆண் ஹார்மோன் மிகுதி என்று கொள்வார்கள். அந்த எல்லை இனத்துக்கு இனம் மாறும். இவளுக்கு மேலுதட்டில் ஒன்று, அடிவயிற்றில் ஒன்று, ஆக 2. முகத்தில் நாலைந்து பருக்கள் இருந்தன, அந்த வயதில் அது சகஜம். ஒரு சந்தேகமும் வேண்டாம் என்று டெஸ்டோஸ்டிரோனும் பார்க்கச் சொன்னார். பிறகு வந்த முடிவு சாதாரண அளவுதான். இரண்டாவது அடையாளமும் இல்லை.

அதன் பிறகுதான் கவரைப் பிரித்தார். படத்தை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தவர், வலது சினைப்பையில் சற்றுப் பெரிதாகத் தெரிந்த ஒரு வட்டத்தின் மேல் பேனாவை வைத்தார். இரண்டு பக்கமும் சின்னப் பெருக்கல் குறி போட்டு ஸ்கேன் எடுத்தவரே அளந்திருந்தார்: 16 மில்லிமீட்டர். ஜூன் 8-ல் மாதவிடாய், 20-ல் ஸ்கேன். அன்றைக்கு அவளுக்குப் பதிமூன்றாம் நாள். மற்றவற்றை முந்திக்கொண்டு ஒரு நீர்ப்பை முட்டையை வெளியே விடத் தயாராகிக்கொண்டிருந்த நேரம் அது. "இதை வெச்சு நோய்னு சொல்லிட்டாங்க. இது உன் ஓவரி ஒழுங்கா வேலை செய்யறதோட அடையாளம்மா" என்றார்.

அந்தப் பெரிய வட்டத்தால் வலது சினைப்பையின் 13 மில்லி கணக்கும் செல்லாமல் போகிறது. 10 மில்லிமீட்டரைத் தாண்டிய நீர்ப்பை ஒன்று இருந்தால் அதுவே சினைப்பையைப் பெரிதாக்கிக் காட்டும். அப்போது அளவை விட்டுவிட்டு, அடுத்த மாதவிடாயின் தொடக்க நாட்களில் மறுபடி ஸ்கேன் எடுக்க வேண்டும். இடது பக்கம் 10-ஐ எட்டவே இல்லை. எல்லாவற்றுக்கும் மேலே, வயதுக்கு வந்து எட்டு வருடம் ஆகாத பெண்ணுக்கு பி.சி.ஓ.எஸ். கண்டுபிடிக்க ஸ்கேனே எடுக்கக் கூடாது என்று 2018-லிருந்து சர்வதேச வழிகாட்டுதல் சொல்கிறது. அந்த வயதினருக்கு மாதவிடாய் ஒழுங்கின்மை, ஆண் ஹார்மோன் மிகுதி என்ற இரண்டும் சேர்ந்தே இருக்க வேண்டும். இவள் வயதுக்கு வந்து ஆறு வருடம்தான் ஆகிறது. ஒரு பேச்சுக்கு, படத்துக்கு முழு மதிப்பெண் கொடுத்தாலும் மூன்றில் ஒன்றுதான் தேறும். மருத்துவர் சீட்டில் பி.சி.ஓ.எஸ். இல்லை என்று எழுதினார். மாத்திரை ஏதும் இல்லை.

படத்தின் கதை இத்தோடு முடிந்திருக்கும். ஆனால் அக்கா வாயைத் திறந்தாள். "எனக்கும் ரெண்டு வருஷம் முன்ன ஸ்கேன் பண்ணாங்க மேடம். நார்மல்னு சொல்லிட்டாங்க. ஆனா எனக்குத்தான் மாசாமாசம் வராது."

அவளுக்கு வருடத்துக்கு ஆறு முறைதான் வரும். ஐம்பது நாள், அறுபது நாள், ஒரு தடவை எழுபது. ஸ்கேனில் சினைப்பை சரியாக இருந்ததால், அதன் பிறகு யாரும் எதையும் தேடவில்லை. முகத்தில் முடி இருப்பதாகத் தெரியவில்லை. மருத்துவர் கேட்டார்: "த்ரெட்டிங் எத்தனை நாளைக்கு ஒரு தடவை பண்ற?" பத்து நாளைக்கு ஒரு தடவை என்றாள். நூல் போட்டு எடுத்த முடி கண்ணுக்குத் தெரியாது, கேட்டால்தான் தெரியும். தாடையில் 3, மேலுதட்டில் 2, அடிவயிற்றில் 2, கூட்டினால் 7. முதல் இரண்டு அடையாளங்களும் இருக்கின்றன. இப்படி இரண்டும் இருக்கும் பெண்ணுக்கு, முடிவு செய்ய ஸ்கேன் தேவையே இல்லை. பழைய ஸ்கேன் நார்மல் என்று சொன்னது அவளுடைய நோயை மறைக்கத்தான் உதவியது.

ஆனாலும் அன்றே முடிவு சொல்லவில்லை. இதே தோற்றத்தில் வரும் மற்றவற்றை ஒவ்வொன்றாக விலக்க வேண்டும். முதலில் கர்ப்பம் இல்லை என்று பார்த்தார்கள். தைராய்டு குறைந்தாலும் மாதவிடாய் குழம்பும், அதற்கு டி.எஸ்.எச். பரிசோதனை. பால் சுரப்புக்கான புரோலாக்டின் கூடினாலும் மாதவிடாய் நிற்கும். அட்ரினல் சுரப்பியில் பிறவிக் குறை ஒன்று உண்டு. அது முடியும் வளர்க்கும், மாதவிடாயையும் தள்ளிப்போடும், அச்சு அசல் பி.சி.ஓ.எஸ். போலவே இருக்கும். அதைப் பிரித்துப் பார்க்க 17-ஹைட்ராக்ஸி புரோஜெஸ்டிரோன் பரிசோதனை. முடி திடீரென்று சில மாதங்களில் மளமளவென்று வளர்ந்து குரலும் கரகரத்தால், ஹார்மோன் சுரக்கும் கட்டியாக இருக்குமோ என்று தேட வேண்டும். அக்காவுக்குப் பல வருடமாக மெதுவாக வந்தது, அதனால் அந்தப் பயம் இல்லை. எல்லா முடிவுகளும் சரியாக வந்த பிறகுதான் அவளுடைய சீட்டில் பி.சி.ஓ.எஸ். என்ற எழுத்து விழுந்தது.

அந்த எழுத்து விழுந்ததால் ஒரு வேலை நடந்தது. வெறும் வயிற்றில் 75 கிராம் குளுக்கோஸ் கரைத்துக் குடிக்கக் கொடுத்து, இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுத்தார்கள். 152 வந்தது. 140-க்குக் கீழே இருக்க வேண்டும், 200-ஐத் தொட்டால் சர்க்கரை நோய். இவள் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறாள். வெறும் வயிற்று அளவு மட்டும் பார்த்திருந்தால் இது தெரியாமலே போயிருக்கலாம். மாதக்கணக்கில் மாதவிடாய் வராமல் இருந்தால் கர்ப்பப்பையின் உள்சுவர் தடித்துக்கொண்டே போகும். அதனால் அவ்வப்போது மாத்திரை கொடுத்து மாதவிடாயை வரவழைக்க வேண்டும். ஸ்கேனில் 'நார்மல்' என்று எழுதியதால் இந்த இரண்டு கவனிப்பும் அவளுக்கு இரண்டு வருடம் தாமதமாயின.

நோய் இல்லாத தங்கைக்கு நோய்ப் படம், நோய் உள்ள அக்காவுக்கு நல்ல படம். இது இந்த இரண்டு பேரோடு நிற்பதில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2024-ல் வெளியான நாடு தழுவிய ஆய்வில், 18 முதல் 40 வயதுக்குட்பட்ட 9,800-க்கு மேற்பட்ட பெண்களைப் பார்த்தார்கள். படம் இல்லாத 1990 விதிப்படி 7.2 சதவீதம் பேருக்கு பி.சி.ஓ.எஸ். படத்தையும் ஓர் அடையாளமாக எடுத்துக்கொள்ளும் ரோட்டர்டாம் விதிப்படி 19.6 சதவீதம். அதே பெண்கள்தான், படம் உள்ளே வந்ததும் எண்ணிக்கை இரண்டரை மடங்குக்கு மேல் ஆகிவிட்டது. படத்தோடு இன்னொரு அடையாளமும் இருந்தாக வேண்டும் என்ற விதி இருக்கும்போதே இப்படி. அந்த விதியையும் எடுத்துவிட்டுப் படத்தை மட்டும் பார்த்தால் எங்கே போய் நிற்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

கருவி மாறினாலும் படம் மாறும். 2003-ல் ஒரு சினைப்பையில் 12 நீர்ப்பைகள் இருந்தாலே போதும் என்றார்கள். கருவிகள் கூர்மையாகி, முன்பு தெரியாத சின்னப் பைகளும் தெரியத் தொடங்கின. அதே விதியை வைத்துப் பார்த்தால் ஆரோக்கியமான பெண்களில் நிறையப் பேர் உள்ளே வந்துவிடுவார்கள் என்பதால் 2018-ல் அதை 20 ஆக்கினார்கள். பெண்களின் சினைப்பை பதினைந்து வருடத்தில் மாறிவிடவில்லை, பார்க்கும் கண்ணாடி மாறிற்று. ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகம் முன்னின்று வெளியிட்ட 2023 வழிகாட்டுதல், ஸ்கேனுக்குப் பதிலாக ஏ.எம்.எச். என்ற ரத்தப் பரிசோதனையையும் பெரியவர்களுக்கு அனுமதிக்கிறது. நீர்ப்பைகள் சுரக்கும் ஹார்மோன் அது. அதுவும் மூன்றாவது அடையாளத்துக்குத்தான் மாற்று. அதை மட்டும் வைத்தும் முடிவு சொல்லக் கூடாது, இளம்பெண்களுக்குப் பயன்படுத்தவும் கூடாது.

உங்கள் வீட்டில் யாருடைய ரிப்போர்ட்டிலாவது 'பாலிசிஸ்டிக்' என்றோ பி.சி.ஓ.டி. என்றோ எழுதியிருந்தால், அந்தப் படத்தை வைத்துக்கொண்டு பயப்படவும் வேண்டாம், 'நார்மல்' என்றிருந்தால் அதை நம்பி இருந்துவிடவும் வேண்டாம். கடைசி ஆறு மாதவிடாய்த் தேதிகளை ஒரு தாளில் எழுதுங்கள். முகத்தில் முடி எடுப்பதாக இருந்தால், எத்தனை நாளைக்கு ஒரு தடவை என்று அதன் கீழே எழுதுங்கள். சாப்பிடும் மாத்திரைகளையும் குறித்துக்கொள்ளுங்கள், கருத்தடை மாத்திரை இந்த மூன்று அடையாளங்களையும் மறைத்துவிடும். மருத்துவரிடம் அந்தத் தாளை முதலில் கொடுங்கள், படத்தைப் பிறகு கொடுங்கள். அவர் தாளைப் படிக்காமல் படத்தை மட்டும் பார்த்து மாத்திரை எழுதினால், மூன்றில் எந்த இரண்டு எனக்கு இருக்கிறது என்று கேளுங்கள். அதைக் கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது.